எனக்கு 790, என் நிறுவனத்துக்கு 56

கேள்வி: நானும் என் மனைவியும் அமெரிக்காவில் பெயர்ப் பலகைகள் செய்யும் சிறிய எல்.எல்.சி. ஒன்றை நடத்துகிறோம். எங்களையும் சேர்த்து ஆறு பேர். என் சொந்தக் கடன் மதிப்பெண்ணான ஃபைகோ ஸ்கோர் 790. வீட்டுக் கடன், கார்டு எதிலும் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. போன வாரம் புதிதாக ஒரு அலுமினிய சப்ளையரிடம் 30 நாள் கடனில் சரக்கு கேட்டேன். "உங்கள் நிறுவனத்தின் பேடெக்ஸ் ஸ்கோர் 56தான், முன்பணம் இல்லாமல் தர முடியாது" என்றார்கள். என் ஸ்கோரைப் பாருங்கள் என்றால், அது வேறு, இது வேறு என்கிறார்கள். நாங்கள் யாரையும் ஏமாற்றியதில்லை. இப்போது அலுமினியம் தருபவரிடம் பல வருடப் பழக்கம். அவருக்கு இரண்டு மாதத்தில் பணம் கொடுத்துவிடுவோம், அவரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. பணம் எல்லாம் ஒரே கையிலிருந்துதானே போகிறது, ஸ்கோர் மட்டும் எப்படி இரண்டாகும்? என் சொந்த கார்டில் பணம் கட்டி இதைச் சரிசெய்யலாமா? பேடெக்ஸைக் கணக்கிடும் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் என்ற கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையை வாங்கி இணைத்திருக்கிறேன்.

பதில்: அறிக்கையைப் படித்தேன். அந்த 56 தப்புக் கணக்கு இல்லை. அதே சமயம், நீங்கள் மோசமாகப் பணம் கொடுப்பவர் என்பதற்கும் அது அத்தாட்சி இல்லை. அந்த எண் ஏறக்குறைய முழுக்க ஒரே ஒரு வரியிலிருந்து வந்திருக்கிறது. அந்த வரி எது என்று பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும்.

அறிக்கையில் பணம் கொடுத்த வரலாறு என்ற பகுதிக்குப் போங்கள். அங்கே ஐந்து வரிகள் இருக்கின்றன. எந்த வரியிலும் சப்ளையரின் பெயர் இருக்காது, தொழில் வகை மட்டும்தான் இருக்கும். தகவல் கொடுத்தவரை அவர்கள் காட்டிக்கொடுப்பதில்லை. ஆனால் ஒவ்வொரு வரியிலும் அந்த சப்ளையரிடம் நீங்கள் வைத்திருந்த அதிகபட்ச பாக்கி எவ்வளவு என்று போட்டிருக்கும். அதை வைத்து யார் எவர் என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். உங்கள் அறிக்கையில் 40,000 டாலர் என்று இருக்கும் வரிதான் அலுமினியக்காரர். அதற்கு நேரே `N30` என்றும் `Slow 30` என்றும் இருக்கிறது. முதலாவது, 30 நாளில் பணம் தரவேண்டும் என்ற நிபந்தனை. இரண்டாவது, கெடு தாண்டி 30 நாள் கழித்துப் பணம் வந்தது என்ற குறிப்பு. அடுத்தது 6,000 டாலர் வினைல் வரி, 2,500 டாலர் மை வரி, 1,000 டாலர் சரக்குப் போக்குவரத்து வரி. இந்த மூன்றிலும் `Ppt` என்று இருக்கிறது, அதாவது கெடுவுக்குள் கொடுத்தது. கடைசியாக 500 டாலர் அட்டைப்பெட்டி வரி. அதற்குக் கெடுவுக்கு 20 நாள் முன்பே கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் அலுவலகத்தில் யாரோ சின்ன பில்களை வந்த கையோடு கட்டிவிடுகிறார் போல.

பேடெக்ஸ் என்பது நாட்களை எண்ணாக மாற்றுவதுதான். கெடு அன்று கொடுத்தால் 80. 20 நாள் முன்பாகக் கொடுத்தால் 90, 30 நாள் முன்பாகக் கொடுத்தால் 100. மறுபக்கம், 15 நாள் தாமதம் என்றால் 70, 22 நாள் என்றால் 60, 30 நாள் என்றால் 50, 60 நாள் என்றால் 40. இப்படி இறங்கிக்கொண்டே போகும். பள்ளிக்கூட மதிப்பெண் மாதிரி 80 என்றால் "இன்னும் 20 குறைகிறதே" என்று நினைக்கக் கூடாது. சொன்ன நாளில் சொன்னபடி கொடுத்தவருக்கு 80தான். 80க்கு மேல் வேண்டுமானால் கெடுவுக்கு முன்பே கொடுக்க வேண்டும்.

அடுத்து, இந்த ஐந்து வரிகளும் சமமாக எண்ணப்படுவதில்லை. பெரிய தொகைக்குப் பெரிய எடை. சமமாக எண்ணியிருந்தால் 50, 80, 80, 80, 90 ஆகியவற்றின் சராசரி 76 வரும், உங்களுக்கும் சரக்கு கிடைத்திருக்கும். தொகையால் பெருக்கிப் பாருங்கள்: 40,000 × 50 = 20,00,000. வினைல் 6,000 × 80 = 4,80,000. மை 2,500 × 80 = 2,00,000. போக்குவரத்து 1,000 × 80 = 80,000. அட்டைப்பெட்டி 500 × 90 = 45,000. கூட்டினால் 28,05,000. மொத்தத் தொகையான 50,000ஆல் வகுத்தால் 56.1. அவர்கள் கணினி செய்யும் கணக்கில் இன்னும் சில நுணுக்கங்கள் உண்டு என்றாலும் அடிப்படை இதுதான்.

இப்போது உங்கள் பழக்கத்தைப் பாருங்கள். சின்ன பில்களை ஓடிஓடிக் கட்டியதில் ஏதாவது பயன் உண்டா? வினைல், மை, போக்குவரத்து மூன்றையும் இனிமேல் 20 நாள் முன்பாகவே கட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு மறுபடி கணக்குப் போட்டேன். 58 வருகிறது. இரண்டு புள்ளிதான் ஏற்றம். அலுமினிய வரி மட்டும் 50லிருந்து 80க்குப் போனால், மற்ற எதையும் தொடாமலே மொத்தம் 80 ஆகிவிடும்.

சரி, அலுமினியக்காரருக்கு ஆட்சேபணை இல்லை என்கிறீர்களே, அப்புறம் ஏன் அவர் இப்படித் தகவல் கொடுத்தார்? பெரும்பாலும் அவர் கொடுக்கவே இல்லை, அவருடைய கணக்கு மென்பொருள் கொடுத்தது. பாக்கிப் பட்டியலைக் கோப்பாக அனுப்பும்போது பில்லில் அச்சாகியிருக்கும் கெடுவும் பணம் வந்த தேதியும்தான் போகும். உங்களுக்கும் அவருக்கும் வாய்ப்பேச்சில் இருக்கும் உடன்பாடு கோப்பில் ஏறாது. பில்லில் 30 நாள் என்று இருக்கிறது, பணம் 60ஆம் நாள் வருகிறது. மனிதர் பொறுத்துக்கொண்டார், மென்பொருள் எழுதிக்கொண்டது. மொத்த விற்பனை நிறுவனங்களின் கடன் பிரிவில் வேலை பார்த்த காலத்தில் இதை நான் அடிக்கடி பார்த்திருக்கிறேன். விற்பனைக்காரர் வாடிக்கையாளரிடம் "மெதுவாகக் கொடுங்கள்" என்பார். பின்கட்டில் கணக்கு எழுதுபவருக்கு அது தெரியவே தெரியாது.

உங்கள் சொந்த ஸ்கோரில் இந்தக் கதை எதுவும் தெரியாது. வீட்டுக் கடன், கார் கடன், கார்டு கொடுத்தவர்கள்தான் அங்கே தகவல் தருபவர்கள். எல்.எல்.சி. பெயரில் போடப்பட்ட அலுமினிய பில் அந்தக் கோப்பை எட்டிப் பார்ப்பதே இல்லை. அதே மாதிரி, உங்கள் வீட்டுக் கடனை 15 வருடம் ஒழுங்காகக் கட்டியது பேடெக்ஸுக்குத் தெரியாது. ஒரு கோப்பு உங்கள் சோஷியல் செக்யூரிட்டி எண்ணோடு சேர்ந்தது. இன்னொன்று நிறுவனத்துக்கு டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் தரும் ஒன்பது இலக்க டன்ஸ் எண்ணோடு சேர்ந்தது. பணம் ஒரே கையிலிருந்து போனாலும் இரண்டு வெவ்வேறு பேரேட்டில் பதிவாகிறது.

தாமதம் என்று எதைச் சொல்வது என்பதிலும் இரண்டும் ஒத்துப்போகாது. உங்கள் கார்டு பணத்தை 12 நாள் தாமதமாகக் கட்டினால் கார்டு நிறுவனம் அபராதம் போடும், ஆனால் அது சொந்தக் கடன் அறிக்கையில் ஏறாது. பொதுவாகக் கெடு தாண்டி 30 நாள் ஆன பிறகுதான் தாமதம் என்று பதிவு செய்வார்கள். அதனால் மாதத்தில் ஒன்றிரண்டு வாரம் முன்னே பின்னே ஆனாலும் 790 அசையாமல் நிற்கும். பேடெக்ஸில் அந்த மாதிரி சலுகைக் காலம் கிடையாது. கெடு தாண்டியது தாண்டியதுதான். சொந்தக் கணக்கில் "ஒருபோதும் தவறியதில்லை" என்று பெயர் வாங்கியவர் அதே பழக்கத்தோடு நிறுவனத்தை நடத்தினால் 80க்குக் கீழே கிடப்பார்.

இதற்கு வரலாற்றில் காரணம் இருக்கிறது. வியாபாரிகளைப் பற்றிய கடன் அறிக்கை பழைய சரக்கு. 1837இல் அமெரிக்காவில் பெரிய பண நெருக்கடி வந்து, கடனுக்குச் சரக்குக் கொடுத்தவர்கள் பலர் நொடித்துப் போனார்கள். அதில் அடிபட்ட பட்டு வியாபாரிகளில் ஒருவர் லூயிஸ் டாப்பன். அவர் 1841இல் நியூயார்க்கில் ஒரு தகவல் நிறுவனம் தொடங்கினார். தூரத்து ஊரில் இருக்கும் கடைக்காரரை நம்பிக் கடனுக்குச் சரக்கு அனுப்பலாமா என்று மொத்த வியாபாரிக்குச் சொல்வதுதான் அதன் வேலை. இன்றைய டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டின் வேர் அது. ஃபைகோ ஸ்கோர் பொதுப் புழக்கத்துக்கு வந்தது 1989இல். அது வங்கிக்காரர்களுக்காக வந்தது. இவர் அடுத்த 24 மாதத்துக்குள் ஏதாவது ஒரு கடனில் 90 நாளோ அதற்கு மேலோ பாக்கி வைப்பாரா என்பதுதான் அதன் கேள்வி. அது முன்கணிப்பு. பேடெக்ஸ் முன்கணிப்பே இல்லை, இதுவரை எப்படிக் கொடுத்தார் என்பதன் சராசரி. உங்களிடம் சரக்கு விற்கப்போகிறவருக்கு நீங்கள் திவாலாவீர்களா என்பதைவிட, பணம் 30ஆம் நாள் வருமா 60ஆம் நாள் வருமா என்பதுதான் கவலை. அந்தக் கேள்விக்கு உங்கள் 790 பதில் சொல்லாது. "அது வேறு, இது வேறு" என்று அவர்கள் சொன்னது வெறும் சாக்கு இல்லை.

இன்னொரு வேறுபாடும் உண்டு. உங்கள் சொந்த அறிக்கையை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்க முடியாது. 1970ஆம் வருடத்துக் கடன் அறிக்கைச் சட்டப்படி அதற்குத் தகுந்த காரணம் வேண்டும். உங்களுக்கு அது இலவசமாகக் கிடைக்கும், பிழை என்று புகார் செய்தால் பொதுவாக 30 நாளில் விசாரித்துச் சொல்ல வேண்டும். நிறுவனத்தின் அறிக்கைக்கு இந்தப் பாதுகாப்பு அந்த அளவுக்கு இல்லை. காசு கொடுத்தால் போட்டியாளர்கூட வாங்கிப் படிக்கலாம். நீங்களே உங்களுடையதை முழுதாகப் பார்க்கக் காசு கொடுக்க வேண்டியிருந்தது, இல்லையா? பிழை இருந்தால் அந்தத் தகவல் நிறுவனத்தின் சொந்த நடைமுறைப்படிதான் திருத்துவார்கள்.

இனி செய்ய வேண்டியதற்கு வருகிறேன். முதலில், கையில் காசே இல்லாமல் செய்யக்கூடிய ஒன்று. அலுமினியக்காரரிடம் நேரில் போய்ப் பேசுங்கள். இத்தனை வருடமாக 60 நாள் பழக்கம்தானே, அதையே எழுத்தில் போட்டுக்கொள்வோம் என்று கேளுங்கள். ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொண்டால் போதாது. அவருடைய மென்பொருளில் உங்கள் கணக்கின் நிபந்தனை 60 நாளாக மாற வேண்டும். மாறியதா என்று தெரிந்துகொள்வது சுலபம், அடுத்து வரும் பில்லில் கெடு தேதி எது என்று பாருங்கள். கடிதம் இருந்தும் பில்லில் பழைய 30 நாளே அச்சாகி வந்தால் எதுவும் மாறவில்லை என்று அர்த்தம். மாறிவிட்டால், நீங்கள் இப்போது கொடுக்கும் அதே 60ஆம் நாளில் கொடுத்தாலே அந்த வரி 80 ஆகும்.

அவர் முழு 60 தரமாட்டேன், 45 வேண்டுமானால் தருகிறேன் என்றும் சொல்லலாம். அதையும் வாங்கிக்கொள்ளுங்கள். 60ஆம் நாளே கொடுத்தால்கூட 15 நாள் தாமதம்தான், அந்த வரி 70 ஆகும், மொத்தம் 72 வரும். பழைய பில்களுக்கும் 60 நாள்தான் உடன்பாடு என்று அவர் ஒப்புக்கொண்டால், தான் அனுப்பிய தகவலை அவரே திருத்தி அனுப்பலாம். ஆனால் அது அவர் மனசு. நீங்கள் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டிடம் நேராக மறுப்புச் சொன்னாலும் அவர்கள் திரும்ப அவரிடம்தான் சரிபார்ப்பார்கள். அவர் வழியை விட்டுவிட்டு அவர்களோடு மல்லுக்கட்டுவது வீண்.

அவர் எதற்கும் இறங்கவில்லை என்றால் உண்மையாகவே முன்னால் கொடுக்க ஆரம்பிக்க வேண்டும். இதை நிறையப் பேர் தேவைக்கு மேல் பெரிதாக நினைத்துப் பயப்படுகிறார்கள். உங்கள் அலுமினிய கொள்முதல் மாதம் சுமார் 20,000 டாலர். 60ஆம் நாள் கொடுப்பதால் எப்போதும் இரண்டு மாதச் சரக்கு, அதாவது 40,000, பாக்கி நிற்கிறது. 30ஆம் நாளுக்கு வர வேண்டுமானால் ஒரு மாதப் பாக்கியை, 20,000 டாலரை, ஒரே ஒரு முறை கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு மாதாமாதம் வெளியே போவது பழையபடி 20,000தான். இது மாதச் செலவு இல்லை, ஒருமுறை தாண்ட வேண்டிய பள்ளம். அந்த 20,000 மொத்தமாக இல்லையென்றால் நாலைந்து மாதத்தில் பிரித்து இறக்கலாம். பாதி வழி வந்து 45ஆம் நாளில் கொடுக்க 10,000 போதும்.

எந்த வழியில் போனாலும் எண் மறுநாளே மாறாது. பேடெக்ஸ் கடந்த 24 மாதம் வரையுள்ள பதிவுகளைப் பார்க்கிறது. புதிய பதிவுகள் சேரச் சேரத்தான் பழைய `Slow 30` வலு இழக்கும். மேலே நான் சொன்ன 72, 80 எல்லாம் போய்ச் சேரும் இடம், அடுத்த மாதத்து எண் இல்லை.

சொந்த கார்டில் கட்டும் யோசனையை விட்டுவிடுங்கள். அலுமினியக்காரருக்குப் பணம் நேரத்துக்குப் போகும், பேடெக்ஸ் மெல்ல ஏறும், அது உண்மைதான். ஆனால் ஃபைகோ கணக்கில் சுமார் 30 சதவீத எடை, நீங்கள் எவ்வளவு கடன் வைத்திருக்கிறீர்கள் என்பதற்கு. கார்டுகளின் வரம்பில் எவ்வளவு பயன்படுத்தியிருக்கிறீர்கள் என்பது அதில் பெரிய பங்கு. உங்கள் கார்டு வரம்பு 30,000 என்று வைத்துக்கொள்வோம். அதில் 20,000 டாலர் அலுமினியம் ஏறினால் 67 சதவீதம் பயன்பாடு. ஒரு தவணைகூடத் தவறாமலே 790 இறங்கும். பாக்கியை அடைத்தால் பெரும்பாலும் திரும்ப ஏறிவிடும் என்பது ஒரு ஆறுதல். அதற்குள் கார்டு வட்டி ஓட ஆரம்பித்திருக்கும், வீட்டுக் கடனை மாற்றி எழுத நினைத்திருந்தால் அதுவும் கெடும். இதைவிட எனக்கு உறுத்துவது வேறு விஷயம். நிறுவனத்தின் கடன் இப்போது உங்கள் கடனாகிவிடுகிறது. எல்.எல்.சி. என்ற வேலி போட்டதே இந்த இரண்டும் கலக்கக் கூடாது என்பதற்காகத்தான். நிறுவனத்துக்குப் பணம் தேவை என்றால், நீங்கள் நிறுவனத்துக்குக் கொடுத்த கடன் என்று எழுதி, வங்கி வழியாக நிறுவனக் கணக்கில் போட்டு, அங்கிருந்து சப்ளையருக்குக் கொடுங்கள்.

இரண்டு கோப்புகளும் சந்திக்கும் இடங்கள் சில உண்டு. முக்கியமானது சொந்த ஜாமீன். புதிய சப்ளையரிடம் மறுபடி போகும்போது, உங்கள் 790ஐ நீங்களே முன்னால் வைப்பதால், "அப்படியென்றால் சொந்த ஜாமீன் போடுங்கள்" என்று ஒரு தாளை நீட்டுவார்கள் என்று எதிர்பார்க்கிறேன். கையெழுத்துப் போட்டால் சரக்கு கிடைக்கும். நிறுவனம் கொடுக்காவிட்டால் அவர்கள் உங்கள் வீட்டு வாசலுக்கு வரலாம், வழக்கானால் அதன் பின்விளைவு உங்கள் சொந்தக் கடன் வரலாற்றிலும் படியலாம். அந்தத் தாளில் பெரும்பாலும் தொகை வரம்பும் இருக்காது, முடிவுத் தேதியும் இருக்காது. இன்றைய 5,000 டாலர் சரக்குக்குப் போட்ட கையெழுத்து மூன்று வருடம் கழித்து வாங்கும் 50,000 டாலர் சரக்குக்கும் நிற்கும். போட்டே ஆக வேண்டும் என்றால் ஒரு தொகை வரம்பும், ஒரு வருட முடிவும் எழுதச் சொல்லுங்கள். நான் பார்த்தவரையில் சிறிய தொகைகளுக்கு அவர்கள் ஒத்துக்கொள்வதுண்டு, கேட்பவர்கள்தான் குறைவு. உங்கள் மனைவியும் கையெழுத்துப் போட வேண்டும் என்றால், ஒரு வக்கீலிடம் காட்டாமல் போட வேண்டாம்.

இன்னொரு சந்திப்பு வங்கியில். ஃபைகோ நிறுவனமே சிறு தொழில்களுக்கென 0 முதல் 300 வரை ஒரு தனி ஸ்கோர் வைத்திருக்கிறது. அது உரிமையாளரின் சொந்த வரலாற்றையும் நிறுவனத்தின் வரலாற்றையும் கலந்து கணக்கிடும். வங்கியில் தொழில் கடன் கேட்கும்போது உங்கள் 790 அங்கே கை கொடுக்கும். நிறுவனத்தின் பெயரில் கார்டு வாங்கும்போதும் உங்கள் சொந்த ஸ்கோரைத்தான் பார்ப்பார்கள், ஜாமீனும் அதில் அடங்கியிருக்கும். வாங்கிய பிறகு பாக்கி விவரம் சொந்த அறிக்கைக்குப் போகுமா என்பது கார்டுக்குக் கார்டு மாறும். நிறைய நிறுவனங்கள் நீங்கள் தவணை தவறினால் மட்டுமே அங்கே தெரிவிக்கும், சில எல்லாவற்றையும் தெரிவிக்கும். வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் இருந்து இதைப் படிக்கும் உறவினர் யாராவது சிபில் கணக்கை வைத்து உங்களுக்கு யோசனை சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே தனிநபருக்கு 300 முதல் 900 வரை, கூடக் கூட நல்லது. சிறு நிறுவனங்களுக்கான சிபில் தரவரிசை 1 முதல் 10 வரை, அதில் 1தான் நல்லது, 10 மோசம். அந்தத் தகவலும் முக்கியமாக வங்கிகளும் கடன் நிறுவனங்களும் கொடுப்பது. அலுமினியக்காரர் பில் தாமதம் அதில் இந்த மாதிரி நேராகப் பிரதிபலிக்காது. எண்ணும் வேறு, எண்ணுவதும் வேறு.

புதிய சப்ளையரிடம் இப்போதைக்கு 56 என்ற எண்ணோடு வாதாட வேண்டாம். டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட் 50 முதல் 79 வரை நடுத்தர ஆபத்து என்றுதான் வகைப்படுத்துகிறது. அதனால் கதவு முழுதாக மூடியிருக்க வாய்ப்பில்லை. வினைல், மைக்காரர்களிடம் "கெடுவுக்குள் கொடுக்கிறார்" என்று ஒரு வரி கடிதம் வாங்குங்கள். அலுமினியக்காரரின் புதிய 60 நாள் பில் கையில் வந்ததும் அதையும், முன்பு நடந்ததற்கு அவர் எழுதிய விளக்கத்தையும் சேர்த்துக் காட்டுங்கள். முதல் மூன்று ஆர்டருக்குப் பாதி முன்பணம், பாக்கி 30 நாள், வரம்பு 5,000 என்று நீங்களே சொல்லுங்கள். கடன் பிரிவில் இருப்பவருக்கு, தானே வரம்பு கேட்கும் வாடிக்கையாளரை மறுப்பது சிரமம். அப்படியே இன்னொன்றும் கேளுங்கள்: அவர்கள் பணம் வந்த விவரத்தை டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டுக்கு அனுப்புகிறார்களா? அனுப்பாதவரிடம் 30ஆம் நாள் கொடுத்தாலும் உங்கள் கோப்பில் ஒன்றும் ஏறாது. எல்லா சப்ளையரும் அனுப்புவதில்லை.

கடைசியாக, அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கும் முகவரி உங்கள் கடிதத்தில் இருப்பது இல்லை. இடம் மாறினீர்களா? மாறியிருந்தால் புது முகவரியில் உங்களுக்கு இரண்டாவது டன்ஸ் எண் உருவாகி, நல்ல பதிவுகளில் சில அங்கே போய் உட்கார்ந்திருக்கவும் கூடும். இரண்டு முகவரியிலும் நிறுவனப் பெயரைத் தேடிப் பாருங்கள். எல்.எல்.சி. என்ற எழுத்துகளோடும் அவை இல்லாமலும் தேடுங்கள். இரண்டு கோப்பு இருந்தால் அவற்றை இணைக்கச் சொல்லி முதலில் விண்ணப்பம் போடுங்கள், மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.